கலைச்சொல் தேவை: படிகத்தில் ‘விளிம்பு’ எங்கே இருக்கிறது?

செல்வி எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். கல்லூரி ஆய்வகக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும். எலக்ட்ரான் கற்றை மெல்லிய கிராஃபைட் படலத்தில் புகுந்து திரையில் இரண்டு பச்சை வளையங்களைக் காட்டும் சோதனை அது. அலை ஒரு தடையின் விளிம்பில் வளைந்து பரவும் diffraction என்பதற்குப் பாடநூல் வழியில் ‘எலக்ட்ரான் விளிம்பு விளைவு’ என்று எழுதி மாணவர்களிடம் படித்துக் காட்டினேன். ஒரு பெண் உடனே, “கிராஃபைட்ல விளிம்பு எங்க மிஸ்?” என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வேறு சொல் உண்டா? Matter wave என்பதற்குப் ‘பருப்பொருள் அலை’ என்பதும் சரிதானா?

முருகேசன் எழுதியது:
எலக்ட்ரான் அணுவில் மோதித் திரும்புகிறது, அவ்வளவுதானே? ‘சிதறல்’ என்றே போடுங்கள். எல்லோருக்கும் புரியும். எங்கள் தொழிற்சாலை எக்ஸ்ரே கையேட்டிலும் அப்படித்தான் போட்டோம், யாரும் குறை சொல்லவில்லை.

இராமநாதன் எழுதியது:
முருகேசன், சிதறல் நடப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லோடு நின்றால் சோதனையின் உயிரே போய்விடும். டேவிசனும் ஜெர்மரும் நியூயார்க்கில் நிக்கல் மீது எலக்ட்ரானைப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். 1925இல் திரவக் காற்றுக் குடுவை வெடித்துக் குழாய் உடைந்தது, சூடாக இருந்த நிக்கலில் ஆக்சைடு படிந்தது. அதைப் போக்க நெடுநேரம் சூடேற்றினார்கள். அதில் பொடிப்பொடியாக இருந்த படிகங்கள் சில பெரிய படிகங்களாக வளர்ந்துவிட்டன. மறுபடி அளந்தால் படமே மாறியிருந்தது! நிக்கலும் எலக்ட்ரானும் அதேதான், அணுக்களின் ஒழுங்கு மட்டுமே புதிது. பிறகு ஒற்றைப் படிகத்தையே வைத்து அளந்தபோது, 54 வோல்ட்டில் 50 பாகையில் சிதறி வந்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கையில் ஒரு முகடு நிமிர்ந்து நின்றது.

வெறும் மோதல் என்றால் அந்தக் கோணத்துக்கு என்ன தனிச்சிறப்பு? படிகப் பரப்பில் அணு வரிசைகளின் இடைவெளி 2.15 ஆங்ஸ்ட்ராம். அதை sin 50°ஆல் பெருக்கினால் 1.65. டி ப்ராய் 1924இல் சொன்ன λ = h/p கணக்குப்படி 54 வோல்ட் எலக்ட்ரானின் அலைநீளம் 1.67. பல வரிசைகளிலிருந்து வரும் அலைகள் ஒன்றுகூடுவதால் வந்த முகடு அது. அந்த ‘ஒன்றுகூடல்’ சொல்லில் தெரிய வேண்டும்.

தவராசா எழுதியது:
யாழ்ப்பாணத்திலே நாங்கள் ‘இலத்திரன் கோணல்’ என்றுதான் படித்தோம். விளிம்பும் வேண்டாம், சிதறலும் வேண்டாம். அலைக்கு ‘சடப்பொருள் அலை’.

அறிவுடைநம்பி எழுதியது:
சடம் வடசொல், ஐயா. அலைக்கே ‘திரை’ என்ற அருமையான சொல் இருக்கிறது. கடல் திரை, முகத்தின் திரை, பால் திரைவது, மூடும் திரை எல்லாவற்றிலும் மடிப்புதான் அடிப்படை. ‘திரைமடிவு’ என்று ஆக்கலாம்.

செல்வி எழுதியது:
ஐயா, வளையம் தெரிவதே ஒரு திரையில்தான். ‘திரையில் திரைமடிவு’ என்று எழுதினால் பிள்ளைகள் திண்டாடிப் போவார்கள்.

இராமநாதன் எழுதியது:
எனக்குப் ‘பரு’தான் உறுத்துகிறது. பருமை என்றால் தடிமன். 160 கிராம் கிரிக்கெட் பந்து நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போனால் அலைநீளம் ஏறத்தாழ 10⁻³⁴ மீட்டர், எந்தப் படிகத்தாலும் காட்ட முடியாது. அலை தெரிவது நுண்ணியதில், பெயரோ பருத்தது.

தவராசா எழுதியது:
பருப்பொருள் என்றால் பருத்த பொருள் என்று யார் இப்போது பிரித்துப் படிக்கிறார்கள்? சொல் ஒட்டிப் பழகிவிட்டது, விட்டுவிடலாம்.

முருகேசன் எழுதியது:
சரி, சிதறலை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த வளையம் எலக்ட்ரானால்தான் வந்தது, குழாயில் பிறந்த எக்ஸ்ரேயால் இல்லை என்று எப்படித் தெரியும்?

செல்வி எழுதியது:
இதைக் கையேடே செய்து பார்க்கச் சொல்கிறது, அண்ணா. குழாயின் கழுத்தருகே காந்தத்தைக் கொண்டுபோனால் வளையங்கள் மொத்தமாக நகரும். எக்ஸ்ரே காந்தத்துக்கு வளையாது. வோல்ட்டை 3000இலிருந்து 4000க்கு ஏற்றினால் உள்வளையத்தின் ஆரம் சுமார் 14 மில்லிமீட்டரிலிருந்து 12க்குச் சுருங்கும். வேகம் கூடினால் அலைநீளம் குறையும் என்பது கண்ணெதிரே தெரியும்.

முடிவாகப் ‘பருப்பொருள் அலை’ இருக்கட்டும். தேர்வுத்தாளில் அந்தச் சொல்தான் வருமென்பதால் ‘விளிம்பு விளைவு’ம் இருக்கும். முதல் பக்கத்தில் மட்டும், இங்கே விளிம்பின் வேலையை அணு வரிசைகள் செய்கின்றன, ஒவ்வொரு வரிசையும் ஒரு பிளவு போல என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

அறிவுடைநம்பி எழுதியது:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். விளக்கம் கேட்கும் சொல் கலைச்சொல் ஆகாது. ‘அலைமடிவு’ என்றாவது யோசியுங்கள்.

தவராசா எழுதியது:
கோணலுக்கு எந்த விளக்கமும் வேண்டியதில்லை, அதையும் பதிவு செய்யுங்கள்.