ஸ்குவாட்டில் எடை குறையவில்லை, குதிக்க மட்டும் முடியவில்லை. ஏன்?

பழைய_பார்பெல்:
வயது 62. ஐம்பதைத் தாண்டியபோது ஸ்குவாட்டில் 80 கிலோ தூக்கினேன், இன்றும் அதே 80 தூக்குகிறேன். ஆனால் முழங்கால் உயரப் பெட்டி மேல் தாவிக் குதித்தவன், இப்போது அதில் பாதி உயரத்துக்கே திணறுகிறேன். கால் வழுக்கினால் சுதாரித்துக்கொள்ளவும் நேரமாகிறது. உடல் எடை ஏறவில்லை, மூட்டுவலி இல்லை. பலம் அப்படியே இருக்கும்போது இது மட்டும் எங்கே போயிற்று?

மாடிவீட்டுக்காரர்:
எனக்கும் இதே கதைதான் சார். மூணு மாடி ஏறினா மூச்சு முட்டுது. தினமும் நடக்க ஆரம்பிச்சேன், இப்ப பரவாயில்லை. நீங்களும் நடங்க.

பழைய_பார்பெல்:
மூச்சு வாங்கவில்லைங்க. களைப்பு வருவதற்கு முன்னால், முதல் குதியே உயரவில்லை என்பதுதான் பிரச்சினை.

இரும்புக்கை:
வயசானா ஃபாஸ்ட் ட்விட்ச் எல்லாம் ஸ்லோ ட்விட்சா மாறிடும், அவ்வளவுதான் மேட்டர். 80-ஐ 90 ஆக்குங்க, குதி தானா திரும்பி வரும்.

பிசியோ_மாலதி:
ஐயா, நீங்கள் தூக்குவதைப் பழைய வீடியோவோடு ஒப்பிட முடியுமா? கீழிருந்து எழுந்து நிற்க அன்று எத்தனை நொடி, இன்று எத்தனை நொடி?

பழைய_பார்பெல்:
பழையது ஒன்று கிடைத்தது. அன்று சுமார் 0.8 நொடி. இன்று 1.25. பார் மேலேறும் தூரம் அரை மீட்டர் இருக்கும்.

பிசியோ_மாலதி:
அப்படியானால் கணக்குப் போட்டுவிடலாம். 80 கிலோவை அரை மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 400 ஜூல் வேலை. அதை 0.8 நொடியில் முடித்தால் 500 வாட், 1.25 நொடியில் முடித்தால் 320 வாட். (உங்கள் உடல் எடையைச் சேர்க்கவில்லை, ஒப்பிட இது போதும்.) எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை, பவர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. தட்டுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படவே படாது.

காரணம் தசை இழைகளில் இருக்கிறது. தம்பி சொன்ன ஃபாஸ்ட் ட்விட்ச்தான் வேக இழை, ஸ்லோ ட்விட்ச்தான் மெது இழை. ஒரே பருமனுள்ள வேக இழையும் மெது இழையும் இழுக்கும் விசையில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் சுருங்கும் வேகத்தில்தான், அது பல மடங்கு. வயதாகும்போது மெலிவது பெரும்பாலும் வேக இழைதான். மெது இழை ஓரளவு தாக்குப்பிடிக்கும். நிதானமாக எழுந்தால் மெது இழைக்கும் தன் பங்கைத் தர நேரம் கிடைக்கிறது, அதனால் 80 தாங்குகிறது. குதிக்கும்போது தசை சுருங்கவேண்டிய வேகத்தில் மெது இழையால் அநேகமாக ஒன்றும் தர முடியாது. பவர் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது, இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் போனாலே அது வேகமாகச் சரியும். 65 வயதுக்கு மேல் பலம் ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் குறைந்தால், பவர் 3 சதவீதத்துக்கு மேல் குறைவதாக அளந்திருக்கிறார்கள்.

இரும்புக்கை தம்பி, இழை தானாக மாறுவதில்லை. தண்டுவடத்தில் சில இயக்க நரம்பணுக்கள் செத்துப்போகின்றன. அவற்றிடமிருந்த வேக இழைகள் அநாதையாகும்போது, பக்கத்து மெது நரம்பு கிளைவிட்டுச் சிலவற்றைத் தத்தெடுத்துக்கொள்ளும். அந்தச் சில இழைகள் நாளடைவில் மெது இழையாக மாறுவது உண்மை. ஆனால் உங்கள் கணக்கில் விட்டுப்போனது, மாறாமல் வெறுமனே மெலிந்துபோகும் இழைகள். பயிற்சியால் மீட்கக்கூடியவை அவைதான்.

இரும்புக்கை:
சரிக்கா. ஆனா கனமா தூக்கினாலும் வேக இழை வேலை செய்யும்தானே? அப்புறம் 90-ல என்ன தப்பு?

பிசியோ_மாலதி:
வேலை செய்யும், பருமனும் காக்கும். அதனால்தான் ஐயாவின் 80 நிற்கிறது. ஆனால் 90-ஐ இழுத்துப் பிடித்து மெதுவாக எழுந்தால், பழகுவது மெதுவாக எழத்தான்.

ஐயா, வாரத்தில் இரண்டு நாள் 40 கிலோவுக்கு இறங்குங்கள். இரண்டு மூன்று நொடி எடுத்து நிதானமாக இறங்கி, எழும்போது முடிந்த மட்டும் விரைவாக எழுங்கள். ஆறு முறை, பிறகு நன்றாக ஓய்வு. பார் எழும் வேகம் தளர்ந்ததும் அந்த செட்டை நிறுத்திவிடுங்கள். களைத்த பிறகு செய்வது வேறு பயிற்சி. கனமான நாள் ஒன்று தொடரட்டும். பெட்டியை உடனே தொடாதீர்கள், குதிகால் நாண் அதற்குத் தயாராக நேரம் வேண்டும்.

இன்னொன்று: ஒரு கால் மட்டும் திடீரென்று தளர்ந்திருந்தால் இது எதுவும் பொருந்தாது, நேராக மருத்துவரிடம் போகவேண்டும்.

பழைய_பார்பெல்:
இரண்டு காலும் ஒரே மாதிரிதான், மெல்ல மெல்லத்தான் வந்தது. செத்த நரம்பணு இனி வராது என்றால், பழைய 500 வாட்டுக்குத் திரும்புவேனா?

பிசியோ_மாலதி:
உறுதி சொல்ல மாட்டேன். உங்கள் இழப்பில் எவ்வளவு மெலிவு, எவ்வளவு நரம்பு என்று வீடியோவை வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டு மாதம் கழித்து அதே 80-ஐ, முடிந்த வேகத்தில் எழுந்து மறுபடி படமெடுங்கள்.

மாடிவீட்டுக்காரர்:
அப்ப நான் நடந்தது வீணா?

பிசியோ_மாலதி:
மூச்சுக்கு நல்லதுதான் சார். குதிக்கு உதவாது.