ரோட்டர்டாமின் பதிலுக்குக் காத்திருப்பதா, இப்போதே ஓடிடியில் விடுவதா?

பொட்டல்காட்டான்:
78 நிமிடப் படம் ஒன்றை முடித்து வைத்திருக்கிறேன். செலவு 18 லட்சம் ரூபாய். அதில் பாதி வட்டிக்கு வாங்கியது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவுக்கு அனுப்பிவிட்டுப் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன். இதற்கிடையில் ஒரு சிறிய ஓடிடி தளம், முன்பணம் கிடையாது, வருவாயில் பாதிப் பங்கு, மூன்று ஆண்டுகளுக்கு உலகம் முழுவதும் தாங்கள் மட்டுமே வெளியிடும் தனியுரிமை என்று ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. அடுத்த மாதமே வெளியிடுவார்களாம். கையெழுத்துப் போடலாமா?

தெருமுனைத்திரை:
போடுங்கள். விழாக்களை நம்பிக் காத்திருந்தவர்களின் கதை நமக்குத் தெரியாததா? ‘கூழாங்கல்’ 2021 பிப்ரவரியில் ரோட்டர்டாமின் முதன்மை விருதான டைகர் விருதை வென்றது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பாகவும் அனுப்பப்பட்டது. ஆனால் அரிட்டாபட்டிப் பக்கத்து வெயிலில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தை இங்குள்ள சாதாரணப் பார்வையாளர் தம் வீட்டில் அமர்ந்து பார்க்க 2023 அக்டோபர் வரை, அதாவது இரண்டு ஆண்டு எட்டு மாதம், பொறுத்திருக்க வேண்டியிருந்தது. ‘டு லெட்’ 2017 நவம்பரில் கொல்கத்தா விழாவில் பாராட்டுப் பெற்றுத் திரையரங்குக்கு வந்தது 2019 பிப்ரவரியில். விருது வாங்கிய படங்களுக்கே இந்தக் கதி என்றால், தேர்வாகுமா ஆகாதா என்றே தெரியாத படத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு மாதாமாதம் வட்டி கட்டுவது எந்த வகையில் நியாயம்? படம் யாரைப் பற்றியதோ அவர்கள்தாம் அதைக் கடைசியாகப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாளாக உறுத்துகிற விஷயம்.

மேசைவிளக்கு:
தோழர் சொன்ன தேதிகள் சரி. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவை நான் ஏற்கவில்லை. நான் படத்தொகுப்பாளன், நண்பர்களின் படங்களை விழாக்களுக்கு அனுப்பும் வேலையும் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். விழாவிலிருந்து ஓடிடிக்குப் போக வழி உண்டு, ஓடிடியிலிருந்து விழாவுக்குத் திரும்ப வழி இல்லை. ரோட்டர்டாமின் போட்டிப் பிரிவுகள் பெரும்பாலும் உலக முதல் திரையிடலையே, அதாவது அதுவரை வேறெங்கும் காட்டப்படாத படத்தையே எதிர்பார்க்கின்றன. பெர்லினோ இணையத்தில் ஏற்கெனவே வெளியான படத்தை எடுத்துக்கொள்வதே இல்லை. அடுத்த மாதம் தளத்தில் ஏற்றிவிட்டால் இப்போது அனுப்பியிருக்கிற விண்ணப்பம் மட்டுமன்றி, இனி அனுப்ப நினைக்கிற பெரும்பாலான விண்ணப்பங்களும் அன்றோடு செத்துப்போகும்.

இனி பணத்துக்கு வருவோம். கேரள அரசு 2024இல் தொடங்கிய சி ஸ்பேஸ் தளத்தில் ஒரு முழுநீளப் படத்தைப் பார்க்கக் கட்டணம் 75 ரூபாய், அதில் பாதி படத்தின் உரிமையாளருக்கு என்று அறிவித்தார்கள். வெளிப்படையாகத் தெரிந்த விகிதம் என்பதால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பார்வைக்கு 37.50 ரூபாய் என்றால், வரி முதலியவற்றைத் தள்ளிவைத்தாலும் உங்கள் 18 லட்சம் திரும்ப 48,000 பேர் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும். சந்தா முறையில் இயங்கும் தளமாக இருந்தால் ஒரு பார்வைக்குக் கிடைப்பது இதைவிடக் குறைவாகவே இருக்கும். பெயர் தெரியாத நடிகர்கள், விளம்பரத்துக்கு ஒரு ரூபாய்கூட இல்லை என்ற நிலையில் அந்த 48,000 பேரை யார் அழைத்து வருவார்கள்? முன்பணம் தராமல் உலகத் தனியுரிமை கேட்பவருக்குப் படம் ஓடாவிட்டால் எந்த நட்டமும் கிடையாது. நீங்களோ மூன்று ஆண்டுகளுக்கு அதை வேறெங்கும் கொண்டுபோக முடியாது.

குறும்படக்காரி:
விழாக்களே ஏமாற்று வேலை என்பதுதான் என் அனுபவம். என் குறும்படத்தை, விழாக்களுக்கு விண்ணப்பிக்க உதவும் பிலிம்ஃப்ரீவே இணையதளம் வழியாகப் பல விழாக்களுக்கு அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் கட்டினேன். தேர்வான படத்துக்கு விழாக்கள் தரும் இலைவளைய முத்திரைகள் சுவரொட்டி நிறையச் சேர்ந்தன. சிறந்த இயக்குநர் விருதுகூட வந்தது. ஆனால் அந்தப் படத்தை ஓர் அரங்கில் உட்கார்ந்து பார்த்த ஒருவரைக்கூட நான் இன்றுவரை சந்தித்ததில்லை. எனவே விழாவே வேண்டாம் என்பேன்.

மேசைவிளக்கு:
தங்கையே, அவர் கேட்பது அந்த வகை விழாக்களைப் பற்றியது அல்ல. ஆனாலும் இதைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் புதிதாக வருபவர்களின் பணம் முதலில் கரைவது அங்கேதான். மாதந்தோறும் விருது அறிவிக்கிற, விருதுப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் கேட்கிற, கோப்பையையே விலைக்கு விற்கிற விழாக்களுக்குப் பெரும்பாலும் அரங்கமே கிடையாது. அனுப்புவதற்கு முன்பு சென்ற ஆண்டின் திரையிடல் அட்டவணையைத் தேடிப் பாருங்கள். எந்த அரங்கில், எந்த நாளில், எத்தனை மணிக்கு எந்தப் படம் என்று அதில் இருக்க வேண்டும். பிறகு, அங்கே திரையிடப்பட்ட படத்தின் இயக்குநர் ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள். அந்த இரண்டும் இல்லாத விழாவின் முத்திரை சுவரொட்டியில் இருந்தால், விவரம் தெரிந்த தேர்வாளர் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்வார்.

டூரிங் டாக்கீஸ்:
ஐயா, நான் மதுரை வட்டாரத்தில் படங்களை வாங்கி வெளியிட்டவன். நீங்கள் எல்லோரும் திரையரங்கை மறந்துவிட்டீர்கள். கொரோனா காலத்தில் படத்தை நேரடியாக வாங்கிய பெரிய தளங்கள், இப்போது பெரும்பாலும் திரையரங்கில் ஓடியதா என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசுகின்றன. ஆனால் சின்னப் படத்துக்குக் கிடைப்பது காலைக் காட்சி ஒன்று. அதுவும் வெள்ளி, சனி, ஞாயிறு வரைதான். பெர்லின் போய்வந்த ‘கொட்டுக்காளி’ 2024 ஆகஸ்டில் திரைக்கு வந்தபோது, சூரி நடித்தும், சிவகார்த்திகேயன் தயாரித்தும், இதையெல்லாம் திரையரங்குக்குக் கொண்டு வந்திருக்கக் கூடாது என்று திரைத்துறைக்குள்ளிருந்தே குரல் வந்தது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பின்னணி இசையே இல்லாத அந்தப் படத்தில் வண்டிச் சத்தத்தையும் சேவலின் அசைவையும் அரங்கில் கேட்ட மாதிரி கைப்பேசியில் கேட்க முடியாது. ஆனால் உங்கள் 18 லட்சத்தோடு சுவரொட்டி, விளம்பரம், டிஜிட்டல் திரையிடல் கட்டணம் என்று இன்னொரு 18 லட்சம் போடத் துணிவு இருக்கிறதா என்பதையும் யோசியுங்கள். அது கிடக்கட்டும், தணிக்கைச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா?

பொட்டல்காட்டான்:
இன்னும் இல்லை. சான்றிதழ் வாங்கினால் படம் வெளியானதாகக் கணக்காகி, உலக முதல் திரையிடல் என்ற தகுதி போய்விடும் என்று ஒருவர் சொன்னார். ஓடிடிக்குத் தணிக்கை தேவையில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

தெருமுனைத்திரை:
தேவையில்லைதான். அதுவே இணையத்தின் பலம். யாருடைய கத்தரிக்கும் தலைகொடுக்க வேண்டாம்.

மேசைவிளக்கு:
சட்டப்படி ஓடிடிக்குச் சான்றிதழ் வேண்டாம் என்பது உண்மை. வெளிநாட்டு விழாவுக்கும் வேண்டாம். இந்தியாவுக்குள் நடக்கும் விழாக்களுக்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குப் பெறும் வழி இருக்கிறது. அந்த விலக்கு எல்லாப் படத்துக்கும் எளிதாகக் கிடைத்துவிடுவதில்லை என்பது வேறு கதை. ஆனால் தேசிய விருதுக்கு அனுப்பச் சான்றிதழ் கட்டாயம். அதுவும் எந்த ஆண்டுக்கான விருதோ அந்த ஆண்டின் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31க்குள் தேதியிட்டிருக்க வேண்டும். தொலைக்காட்சிக்கும் திரையரங்குக்கும் அது இல்லாமல் நகரவே முடியாது. சான்றிதழ் வாங்குவது பொதுத் திரையிடல் ஆகாது. அதனால் உலக முதல் திரையிடலுக்கு ஒரு கேடும் வராது. உங்களிடம் சொன்னவர் இரண்டையும் குழப்பிக்கொண்டுவிட்டார்.

டூரிங் டாக்கீஸ்:
படத்தில் ஆடு, மாடு ஏதேனும் நடித்திருக்கிறதா, ஐயா?

பொட்டல்காட்டான்:
ஓர் ஆட்டுக்குட்டி படம் முழுக்க வருகிறது. அதுதான் கதையே.

டூரிங் டாக்கீஸ்:
படப்பிடிப்புக்கு முன்பே விலங்கு நல வாரியத்திடம் அனுமதி வாங்கினீர்களா? வாங்கியிருக்கமாட்டீர்கள்; சின்னப் படக்காரர்களில் பலர் அதைச் சான்றிதழுக்குப் போய் நிற்கும்போதுதான் கேள்விப்படுகிறார்கள். விலங்கு வரும் காட்சிகளுக்கு வாரியத்தின் தடையின்மைச் சான்று இல்லாமல் தணிக்கை அலுவலகத்தில் கோப்பு நகராது. கால்நடை மருத்துவரின் சான்று, அந்தக் காட்சிகள் எடுக்கப்பட்ட முறை பற்றிய விளக்கம் எல்லாவற்றையும் இன்றே திரட்டத் தொடங்குங்கள். முன் அனுமதி இல்லாமல் எடுத்ததற்கு என்ன பதில் வரும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. காட்சிகளை வெட்டச் சொன்னதும் நடந்திருக்கிறது.

தெருமுனைத்திரை:
பார்த்தீர்களா! அதனால்தான் சொல்கிறேன், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதற்குப் பதில் ஓடிடியில் விட்டுவிட்டு அடுத்த படத்தை எழுதத் தொடங்குவதே மேல்.

பொட்டல்காட்டான்:
தளத்தின் ஒப்பந்தத்தோடு இணைப்பு ஒன்றும் வந்திருக்கிறது. படத்தில் ஒலிக்கும் இசை அனைத்துக்கும் உரிமை ஆவணம் வேண்டுமாம். தேநீர்க் கடைக் காட்சியில் வானொலியில் ஒரு பழைய திரைப்பாடல் ஏறத்தாழ 40 நொடி ஒலிக்கிறது. படப்பிடிப்பின்போது உண்மையாகவே அங்கே ஓடிக்கொண்டிருந்தது, நாங்களாகச் சேர்க்கவில்லை. அதற்கும் உரிமை வேண்டுமா?

மேசைவிளக்கு:
வேண்டும். தானாக ஓடியது என்பது உரிமையாளரிடம் செல்லாது. ஓடிடியே எளிய வழி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விழா உங்கள் உறுதிமொழியை நம்பிப் படத்தைத் திரையிட்டுவிடும், தளம் ஆவணம் இல்லாமல் ஏற்றாது. ஏற்றினாலும் ஒப்பந்தத்தில் இழப்பீட்டுப் பொறுப்பு உங்கள் மேல்தான் இருக்கும். அந்தப் பிரிவைத் தேடிப் படித்துப் பாருங்கள். இசை நிறுவனம் கேட்கும் தொகை உங்கள் படத்தின் மொத்த ஒலிச் செலவைத் தாண்டினாலும் வியப்பதற்கில்லை.

முதலில் ஒலிப்பதிவாளரிடம் ஒன்று கேளுங்கள்: அந்தக் காட்சியின் வசனம் சட்டை மைக்கில் தனித் தடத்தில் பதிவாகியிருக்கிறதா, இல்லை, நீண்ட கம்பில் பிடிக்கும் பூம் மைக் ஒன்றில் பாட்டோடு சேர்ந்தா? காதொலிப்பானில் சட்டை மைக்கின் தடத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். பாடலின் சொற்கள் பிடிபடாத அளவுக்கு மெலிதாக இருந்தால் அதைச் சுத்தம் செய்து, உங்கள் இசையமைப்பாளர் புதிதாக எழுதிய பாட்டு ஒன்றை வானொலிக் குரலாக மேலே வைத்துவிடலாம். சொற்கள் தெளிவாகக் கேட்டால் அந்தக் காட்சிக்கு நடிகர்களை அழைத்து மறுகுரல் பதிவு செய்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒப்பந்தத்துக்கு வருவோம்: இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். விழாத் திரையிடல்களும் திரைப்பட இயக்கங்களின் திரையிடல்களும் தனியுரிமைக்கு வெளியே, வெளியீட்டுத் தேதி ஓராண்டு கழித்து என்று திருத்தி அனுப்புங்கள்.

பொட்டல்காட்டான்:
திருத்தி அனுப்பினேன். திரைப்பட இயக்கங்களுக்கு ஒப்புக்கொண்டார்கள். தேதி விஷயத்தில் ஆறு மாதத்துக்கு மேல் முடியாது என்கிறார்கள். ஒலிப்பதிவாளர் தடங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

தெருமுனைத்திரை:
ஆறு மாதம் போதும். ஏற்றுக்கொள்ளுங்கள்.

மேசைவிளக்கு:
ரோட்டர்டாம் நடப்பது ஜனவரி இறுதியில். அங்கே தேர்வானால் அடுத்தடுத்த விழாக்களின் அழைப்புகள் அந்த ஆண்டு முழுக்க வரும். ஆறு மாதத்தில் தளத்தில் ஏறிவிட்டால் பாதி அழைப்பை இழப்பீர்கள். தேர்வாகாவிட்டால் ஆறு மாதமே அதிகம். எனவே நாளைக் குறிக்காமல், முதல் திரையிடல் நடந்த நாளிலிருந்து ஒன்பது மாதம், எந்த விழாவும் எடுக்காவிட்டால் உடனே வெளியீடு என்று இரண்டு நிலையாக எழுதிக் கேளுங்கள்.