பத்து வெட்டினால் ஒன்று இலவசம்?

முரளி: சலூனுக்கு ஒரு கார்டு அடிக்கலாமா என்று யோசனை. பத்து முறை முடி வெட்டினால் பதினொன்றாவது இலவசம். கட்டுமா?

சித்தப்பா: தாராளமாகச் செய். உனக்கு என்ன போகிறது? ஒரு பிளேடு, கொஞ்சம் பவுடர்.

செல்வி அக்கா: இல்லை சித்தப்பா. முடி வளர்ந்தால் அந்த ஆள் எப்படியும் வந்து காசு கொடுத்திருப்பார். அந்தக் காசு முழுதாகப் போகிறது. முரளி, ஒரு வெட்டுக்கு 100 என்று வை. பையனுக்குக் கமிஷன், பிளேடு, துண்டு துவைப்பது எல்லாம் போக எவ்வளவு நிற்கும்?

முரளி: வாடகையைச் சேர்க்காமல் 55.

பெரியம்மா: என்னிடம் ஒரு துணிக்கடை கார்டு இருக்கிறது. அதை உன் கடையில் எடுத்துக்கொள்வாயா முரளி?

முரளி: 😀 இல்லை பெரியம்மா.

செல்வி அக்கா: 11 வெட்டுக்கு வரவு 1000, செலவு 495. கையில் 505. கார்டே இல்லாமல் 9 வெட்டு வெட்டினாலும் 495 நிற்கும். அதாவது 9 முறை வரும் காலத்துக்குள் 11 முறை வரவேண்டும். 30 நாளுக்கு ஒருமுறை வருபவர், கார்டு வாங்கியபின் சுமார் 25 நாளுக்கு ஒருமுறை வந்தால்தான் உனக்குக் கை கடிக்காது.

முரளி: மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் முடி வளரும். கார்டைப் பார்த்து வேகமாக வளராதே!

செல்வி அக்கா: அதேதான். பாதி நாள் வேறு கடைக்குப் போகிறவர்களை இழுத்தால்தான் லாபம். இலவச வெட்டுக்குப் பதில் தலை மசாஜ் கொடு. வழக்கமாகக் காசு கொடுத்துச் செய்துகொள்ளாதவருக்கு என்றால் உனக்குப் போவது கமிஷன் மட்டும், ஒரு 10 என்று வை. ஐந்து கார்டு நிரம்பி, அதனால் ஒரே ஒரு வெட்டு கூடினாலும் போட்டது வந்துவிடும். கூட்டம் உள்ள நாளில் மட்டும் கிடையாது என்று கார்டிலேயே அச்சடித்துவிடு.

சித்தப்பா: மசாஜுக்காக எவன் பத்து தடவை வருவான்? இலவசம் என்றால் வெட்டுதான்.

கவின்: கார் கழுவும் இடத்தில் நடந்த ஒரு ஆய்வு, 2006-ல் வந்தது. ஒரு பாதிப் பேருக்கு 8 கட்டம் உள்ள கார்டு. மறு பாதிக்கு 10 கட்டம், ஆனால் 2-ல் முன்பே முத்திரை. இருவருக்கும் பாக்கி 8தான். முதல் வகையில் 19% பேர்தான் முடித்தார்கள், இரண்டாவதில் 34%. அண்ணா, கொடுக்கும்போதே இரண்டு முத்திரை குத்திக் கொடுங்கள்.

செல்வி அக்கா: நல்லது. முத்திரையோடு தேதியும் எழுது முரளி. அதன் நகலை ஒரு நோட்டில் ஆள்வாரியாக வை. பரிசு வாங்கியபின் அடுத்த வருகைக்கு எத்தனை நாள் ஆகிறது என்று பார். பரிசு நெருங்கும்போது எல்லோரும் கொஞ்சம் சீக்கிரம் வருவார்கள், அதை நம்பாதே.

முரளி: கார்டு வாங்காதவர்களோடு ஒப்பிட்டால்?

செல்வி அக்கா: அது சிக்கல். கார்டை முதலில் கேட்டு வாங்குவதே உன் நிரந்தர ஆட்கள்தான். அவர்கள் எப்படியும் அடிக்கடி வருவார்கள்.

கவின்: அப்படியானால் ஒற்றை நாளில் வரும் புதியவர்களுக்குக் கொடுத்து, இரட்டை நாளில் வருபவர்களுக்குக் கொடுக்காமல் பார்க்கலாமே.

முரளி: பக்கத்து நாற்காலியில் இருக்கும் பழைய ஆள் கேட்டால் என்ன சொல்வேன் தம்பி?