கவர்டு கால், ப்ரொடெக்டிவ் புட்: என் ஷீட்டில் எங்கே தப்பு?

கேள்வி
டிமேட்டில் ஒரு கம்பெனியின் 500 பங்குகள் வைத்திருக்கிறேன். 1200 ரூபாய்க்கு வாங்கியது, இன்று 1400. ஒரு லாட்டும் 500தான். இந்த மாத எக்ஸ்பைரிக்கு 1450 கால் விற்றால் 30 ரூபாய் வருகிறது, 1350 புட் வாங்கினால் 25 ரூபாய் போகிறது. ஷீட்டில் விலையை 1500 என்று போட்டால் கால் 10,000 நஷ்டம் காட்டுகிறது, புட்டோ 1300க்கு விழுந்தாலும் 62,500 லாபம் என்கிறது. அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு புட் வாங்கிவிடலாமா?

பதில் 1
கால் விற்பதுதான் பாதுகாப்பு நண்பரே. ப்ரீமியம் முதலிலேயே கைக்கு வந்துவிடும், பங்கு விழுந்தாலும் கவலையில்லை. நான் மாதா மாதம் இதைத்தான் செய்கிறேன்.

பதில் 2
விழுந்தால் அந்த 30 ரூபாய் மட்டும்தான் மெத்தை. 1370க்குக் கீழே போனால் முழு அடியும் பங்கு வைத்திருப்பவர் தலையில்தான்.

கேள்வி கேட்டவருக்கு: காலுக்கு ஆப்ஷனின் லாப நஷ்டத்தை மட்டும் எடுத்திருக்கிறீர்கள், புட்டுக்குப் பங்கையும் சேர்த்து 1200லிருந்து எண்ணியிருக்கிறீர்கள். அந்த 1200 வரிக்கு வேண்டும், இந்த முடிவுக்கு வேண்டாம், இரண்டையும் இன்றைய 1400லிருந்தே பாருங்கள். எக்ஸ்பைரி விலை A2வில் இருந்தால் ஒரு பங்குக்குக் கையில் நிற்பது:

```
=MIN(A2,1450)+30
=MAX(A2,1350)-25
```

முதல் வரி கால், அடுத்தது புட். 1500இல் கால் விற்றவருக்கு 1480 நிற்கிறது. ஆப்ஷனில் 10,000 போனாலும் பங்கில் 50,000 ஏறியிருக்கிறது, ஆக 40,000 லாபம். 1300இல் புட் வாங்கியவருக்கு 1325, அதாவது இன்றைய மதிப்பிலிருந்து 37,500 குறைவு. அதற்குக் கீழே பங்கு எவ்வளவு விழுந்தாலும் அந்த நஷ்டம் அதிகமாகாது.

A2வை 1200லிருந்து 1600 வரை இழுத்துப் பாருங்கள். 1295க்கும் 1505க்கும் நடுவே கால் ஜெயிக்கும், அதற்கு வெளியே எந்தப் பக்கம் போனாலும் புட். அதனால் எது நல்லது என்று கேட்பதைவிட, பங்கு இந்த மாதம் அசையாமல் கிடக்குமா, பெரிதாக நகருமா என்று நீங்கள் நினைப்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பதில் 3
என்னிடம் இருந்தது 300 பங்கு, லாட் 500. கவர்டு கால் என்று நினைத்துத்தான் விற்றேன். எக்ஸ்பைரி அன்று விலை ஸ்ட்ரைக்கைத் தாண்டி முடிந்தது, இந்தியாவில் தனிப் பங்கு ஆப்ஷன்களுக்கு டெலிவரிதான் என்பதால் 500 பங்கையும் கொடுக்க வேண்டியதாயிற்று. இல்லாத 200 பங்கு ஏலத்துக்குப் போய்விட்டது. மார்ஜினுக்காகப் பங்கை அடமானம் வைத்திருந்தால், அதை எத்தனை நாள் முன்னால் விடுவிக்க வேண்டும் என்று ப்ரோக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் சார்.

கேள்வி கேட்டவர்
ஷீட் சரியாகிவிட்டது, 1505 அப்படியே வருகிறது. எனக்குப் பங்கை விட மனசில்லை. 1450ஐ லேசாகத் தாண்டினால்?

பதில் 2
எக்ஸ்பைரிக்கு முன்பே காலைத் திரும்ப வாங்கிவிடுங்கள், பங்கு உங்களிடமே இருக்கும். அன்று என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று இன்று சொல்ல முடியாது. புட்டுக்கும் இதே கதைதான்: 1350க்குக் கீழே முடிந்தால் பங்கு டெலிவரியில் போய்விடும், வேண்டாமென்றால் முன்பே விற்றுவிட வேண்டும்.

பதில் 1
1370 கணக்கை இப்போதுதான் போட்டுப் பார்த்தேன், சரிதான். ஆனாலும் அசையாத பங்கில் என் வழியை மாற்ற மாட்டேன்.