கணக்கில் பூஜ்யமாக இருந்த இம்ப்ளான்ட்டுகள்: ஆண்டு உள் தணிக்கைத் திட்ட அனுபவம்

கவிதா:
ஐந்து மருத்துவமனைகள் உள்ள குழுமத்துக்கு ஆண்டுத் திட்டம் போட்டோம். பாதிப்புக்கு 5 வரை, நடக்கும் வாய்ப்புக்கு 5 வரை என்று மதிப்பெண் கொடுத்துப் பெருக்கினால், மருந்துக் கொள்முதல் 20 வாங்கி மேலே நின்றது. எலும்பு அறுவைச் சிகிச்சை இம்ப்ளான்ட்டுகள் 3 வாங்கி அடியில் கிடந்தன. ஏனென்று பார்த்தால், பாதிப்பைச் சரக்கின் புத்தக மதிப்பை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். இம்ப்ளான்ட்டுகள் கன்சைன்மென்ட்டில் வருபவை. பயன்படுத்தும் வரை சப்ளையருடைய சொத்து, நம் புத்தகத்தில் பூஜ்யம்.

திட்டத்தை முடிக்குமுன் ஒரு கிளையில் 40 அறுவைச் சிகிச்சைகளை எடுத்து, தியேட்டர் ரெஜிஸ்டரில் ஒட்டிய ஸ்டிக்கர், நோயாளியின் பில், சப்ளையர் இன்வாய்ஸ் மூன்றையும் பொருத்திப் பார்த்தோம். மூன்று அறுவைச் சிகிச்சைகளில் ஸ்டிக்கரும் இருந்தது, இன்வாய்ஸும் வந்திருந்தது, பில்லில் மட்டும் ஸ்குரூ இல்லை. மூன்றுமே இரவு அவசர கேஸ். நடுவில் கூடுதலாகப் பிரித்த ஸ்குரூவுக்கான சீட்டு, ஸ்டோர் ஆள் காலையில் வந்த பிறகு பில்லிங்குக்குப் போகவே இல்லை. இப்போது இம்ப்ளான்ட் தணிக்கை திட்டத்தின் முதல் காலாண்டில் இருக்கிறது.

செல்வம்:
எங்களிடம் விதி எளிது. 15க்கு மேல் வருடா வருடம், 6க்குக் கீழே தொடுவதில்லை. மதிப்பெண்ணைச் சரியாகப் போட்டால் போதும்.

மேரி:
கேஸ் ஷீட், தொற்றுக் கட்டுப்பாடெல்லாம் எங்கள் தரப் பிரிவே தணிக்கை செய்கிறது. இதையும் ஏன் மறுபடி செய்கிறீர்கள்?

ரஹ்மத்:
மேரி மேடம், அது மருத்துவத் தணிக்கை, இங்கே பேசுவது வேறு. ஆனால் உங்கள் பிரிவின் சம்பவ அறிக்கைகளை நாங்கள் மதிப்பெண் போடுமுன் கேட்டு வாங்குவோம். ஒரே கிளையில் மருந்து மாறிக் கொடுத்த சம்பவம் திரும்பத் திரும்ப வந்தால், அந்த மருந்தகத்தின் வாய்ப்பு மதிப்பெண் ஏறும்.

செல்வம் சார், பாதி சரி. அதிக மதிப்பெண் முதலில் என்பது நியாயம். ஆனால் ஆக்ஸிஜன் குழாய் வழங்கல் தடைபடுவது 5 பெருக்கல் 1. ஸ்டேஷனரி குறைவது 1 பெருக்கல் 5. இரண்டுமே 5தான், உங்கள் விதியில் இரண்டும் வெளியே போகும். அதனால் பாதிப்பு 5 உள்ளவற்றைத் தனிப் பட்டியலாக எடுத்து, மூன்று ஆண்டுக்குள் ஒரு முறையாவது வருகிற மாதிரி வைக்கிறோம்.

அப்புறம் ஆள்நாள். விடுப்பு, பயிற்சி, பழைய குறைகளின் தொடர்பார்வை எல்லாம் கழித்து, மீதியில் 15 சதவீதத்தை நடுவில் வரும் புகார்களுக்கு ஒதுக்குவேன். எது திட்டத்துக்குள் வராமல் நின்றது என்பதையும் தணிக்கைக் குழுவிடம் எழுத்தில் கொடுப்பேன். அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு ஒருமுறை கூடுதல் ஆள் அனுமதித்தார்கள்.

செல்வம்:
ஆக்ஸிஜனை அந்தக் கோணத்தில் நான் பார்த்ததில்லை. ஆனால் தனிப் பட்டியல் நீண்டுகொண்டே போகாதா?

ரஹ்மத்:
போகும். எல்லாத் துறைத் தலைவரும் தன்னுடையது 5 என்பார். உயிரிழப்பு அல்லது உரிமம் ரத்து, இந்த இரண்டில் ஒன்று நேரக்கூடியது மட்டும் என்று வரம்பு வைத்தும் வாக்குவாதம் நிற்கவில்லை.

கவிதா:
இம்ப்ளான்ட் தணிக்கையை ஐந்து கிளைகளிலும் ஒரே நேரத்தில் செய்வதா, கிளை கிளையாகவா என்பதில் எங்கள் குழு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒரே நேரம் என்றால் ஒப்பிடலாம், ஆனால் மற்ற வேலை ஒரு மாதம் நின்றுவிடும். செய்து பார்த்தவர்கள் யாராவது?