காஸ்-சைடல்: பாதி எண்ணிக்கைச் சுற்றுகளிலேயே விடை வருவதை எப்படி விளக்குவது?

வணக்கம். பெங்களூரு அல்சூரில் சில தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலையில் எண்முறைக் கணிதம் சொல்லித் தருகிறேன். நேற்று ஒரு மாணவியின் கேள்வியில் சிக்கிக்கொண்டேன்.

பலகையில் எழுதியது இது:

```
2x - y = 1
-x + 2y = 1
```

விடை x = y = 1. இரண்டையும் 0 என்று வைத்துத் தொடங்கினோம். ஜாக்கோபி முறையில் இரண்டுக்கும் பழைய மதிப்புகளையே போடுகிறோம்; 0.5, 0.75, 0.875 என்று பிழை ஒவ்வொரு சுற்றிலும் பாதியாகிறது. காஸ்-சைடலில் புதிய x = 0.5 கைக்கு வந்த உடனே y-க்குப் போடுகிறோம்; y = 0.75. அடுத்த சுற்றில் 0.9375. பிழை கால்வாசியாகிறது.

இதுவரை எளிது. நீண்ட கம்பியின் வெப்பநிலைக் கணக்கில் ஒற்றைப்படைப் புள்ளிகளை முதலிலும் இரட்டைப்படைப் புள்ளிகளைப் பிறகும் புதுப்பித்தால், ஒரு சுற்று இரண்டு ஜாக்கோபிச் சுற்றுக்குச் சமம் என்பதையும் படம் போட்டுக் காட்டிவிட்டேன். "இடமிருந்து வலமாக வரிசையாகப் போனாலும் ஏன் அதே வேகம் வருகிறது சார்?" என்றாள் அவள். காஸ்-சைடலின் ஐகன் மதிப்பு ஜாக்கோபியினுடையதின் வர்க்கம் என்பது எனக்குத் தெரியும். ஐகன் மதிப்பு படிக்காத பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

எப்போதும் இப்படித்தான் என்றும் சொல்ல முடியவில்லை. கீழே உள்ள அணியில் ஜாக்கோபி மூன்றே சுற்றில் சரியான விடைக்கு வந்துவிடுகிறது, காஸ்-சைடல் சிதறி ஓடுகிறது:

```
1  2 -2
1  1  1
2  2  1
```

படமாகவோ கதையாகவோ விளக்கியவர்கள் இருந்தால் எழுதுங்கள். சனிக்கிழமை அடுத்த வகுப்பு.