புதுப்பிப்பு: குறைந்து வரும் டாலர் சம்பளம்

முன்பு நான் கேட்டது: "வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு 1,500 டாலருக்கு இன்வாய்ஸ் அனுப்பினால் 1,475 தான் வருகிறது, அதுவும் தாமதமாக. யார் பிடிக்கிறார்கள்?"

ஜிஎஸ்டி என்றார் ஒருவர். பாதி சரி: நாணய மாற்றத்துக்கு வங்கி அதைப் பிடிக்கிறது, ஆனால் ரூபாயில், தனிப் பதிவாக; டாலர் குறைவது அதனால் அல்ல. வங்கியில் பணியாற்றிய அண்ணன்தான் வங்கிகள் பணம் அனுப்பும்போது பரிமாறும் ஸ்விஃப்ட் செய்தியின் நகலைக் கேட்கச் சொன்னார். அதில் கட்டண இடத்தில் SHA என்றிருந்தது, அதாவது அனுப்புபவர் தன் வங்கியின் கட்டணத்தை மட்டும் ஏற்பார், மற்றவை பெறுபவர் தலையில். அப்படித்தான் வழியில் இருந்த இடைவங்கி 25 டாலரை எடுத்திருக்கிறது. எல்லாக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்கும் OUR என்று மாற்றும்படி வாடிக்கையாளரிடம் சொன்னேன். இம்மாதம் முழுத்தொகை வந்தது.

தாமதம் இன்னும் தீரவில்லை. 30 நாள் கெடுவை அவர்கள் இன்வாய்ஸ் தேதியிலிருந்து அல்ல, மேலாளர் ஒப்புதலிலிருந்து எண்ணுகிறார்களாம்! அதனால் மாதம் இருமுறை இன்வாய்ஸ் அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். கூலி பேசும்போதும் இணையத்தில் தெரியும் மாற்று விகிதத்தை விட்டு, வங்கி நம்மிடம் டாலரை வாங்கும் விகிதத்தில்தான் கணக்கிடுகிறேன்.